செத்த பன்றிக்கு நஷ்ட ஈடு ஏன் இல்லை?

2020-ல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் பன்றிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பிரம்மபுத்திராவில் பிணங்கள் மிதந்தன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று போபால் ஆய்வுக்கூடம் உறுதி செய்தது. இந்தியாவில் அதுவே முதல் தடவை. 2022-ல் நோய் வயநாட்டிலும் தலைகாட்டியது. மனிதரை இது தொற்றாது. ஏழையின் பிழைப்பைத்தான் அழிக்கும்.

பன்றி தீனி எடுக்காமல் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கும். காய்ச்சல் கொதிக்கும். காது, வயிறு, கால்களில் தோல் சிவந்து நீலம் பாயும். சிலவற்றுக்கு இரத்தபேதி காணும். பெரும்பாலானவை சில நாட்களில் செத்துவிடும். பழைய பன்றிக் காய்ச்சலும் இப்படியேதான் இருக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆகவே எந்த நோய் என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும்.

இதற்கு மட்டும் வழக்கமான தடுப்பூசி ஏன் இல்லை? நோய்க்கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கும் இரத்த அணுக்களுக்குள்ளேயே இந்தக் கிருமி குடியேறுகிறது. கொன்ற கிருமியால் செய்த ஊசி பலன் தருவதில்லை. வலுக்குறைத்த உயிர்க்கிருமியைப் போட்டால் அதுவே நோயாகும் அபாயம் உண்டு. வியத்நாமில் 2022-ல் அத்தகைய ஊசி போட்ட பன்றிகள் சில செத்ததால் அதை நிறுத்தி வைத்தார்கள். 2023-ல் அங்கே வேறொரு ஊசிக்கு அனுமதி கிடைத்தது. எல்லா நாடுகளும் அதை ஏற்றுவிடவில்லை.

ஆகவே கொட்டிலின் வாசல்தான் காவல். ஓட்டல் எச்சிலைப் போடாதிருப்பது மேல்; போட்டே ஆகவேண்டுமென்றால் கிளறிக் கிளறி அரைமணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். உறைந்த இறைச்சியிலும் கிருமி நெடுநாள் உயிரோடிருக்கும். கொட்டிலுக்கென்று தனிச் செருப்பு வேண்டும். சாணத்தைக் கழுவிய பிறகே கிருமிநாசினி தெளிக்க வேண்டும். அழுக்கின் மேல் தெளித்த மருந்து வீண். புதிதாக வாங்கிய பன்றியை ஒரு மாதம் தனியே கட்ட வேண்டும். செத்ததை அறுக்காமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

இத்தனையும் செய்தவன் கொட்டிலிலும் நோய் புகுந்துவிட்டால்? சர்க்கார் உத்தரவால் கொன்ற பன்றிக்கே நஷ்ட ஈடு. நோயில் செத்ததற்கு இல்லை. பத்துப் பன்றி வைத்திருப்பவனை எண்ணிப் பாருங்கள். இரண்டு செத்ததும் அவன் தகவல் தருகிறான். ஆய்வு முடிவு வருவதற்குள் இன்னும் ஐந்து சாகின்றன. மிஞ்சிய மூன்றைக் கொல்கிறார்கள், மூன்றுக்குத்தான் பணம். நோய் கண்ட அன்றே வியாபாரியிடம் தள்ளிவிட்டவனுக்கோ எட்டுக்கும் ஏதோ கிடைத்திருக்கும். அந்த எட்டோடு நோயும் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். உண்மை சொன்னவனைத் தண்டிக்கும் விதியல்லவா இது!

நாம் கேட்பது இதுதான்: தகவல் வந்த அன்றே கால்நடை டாக்டர் கொட்டிலுக்குப் போய் உயிரோடுள்ள பன்றிகளை எண்ணிக் குறிக்கட்டும். நோய் உறுதியானால், பிறகு செத்தாலும் கொன்றாலும், அந்தக் கணக்குக்கு முழு நஷ்ட ஈடு கொடுக்கட்டும். பொய்க் கணக்குக்கு அதில் இடமில்லை. நோயை மறைக்கவும் காரணமில்லை.