போர் வரிசையும் அட்மிரல் பிங்கும்

பதினெட்டாம் நூற்றாண்டின் கடற்போர்களை விவரிப்போர் பலர், கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்துப் போரிட்ட முறையைத் தளபதிகளின் கைகளைக் கட்டிப்போட்ட வெறும் சம்பிரதாயமாகவே காண்கின்றனர். 1757 மார்ச் 14 அன்று தன் சொந்தக் கடற்படையாலேயே சுட்டுக்கொல்லப்பட்ட ஆங்கிலேய அட்மிரல் ஜான் பிங்கை அதற்குச் சான்றாகவும் காட்டுகின்றனர். அவரது போரைக் கூர்ந்து நோக்கினால் அக்கருத்து நிலைக்காது.

பாய்மரப் போர்க்கப்பலின் பீரங்கிகள் ஏறக்குறைய அனைத்தும் இரு பக்கங்களிலேயே இருந்தன. முன்னும் பின்னும் நோக்கிச் சுடக்கூடியவை மிகச் சிலவே. பக்கச் சுவர்கள் தடித்த ஓக் மரத்தாலானவை. பின்புறமோ கண்ணாடிச் சாளரங்கள் நிறைந்தது. அதன் வழியே நுழைந்த குண்டு தளத்தின் நீளம் முழுவதும் ஓடி ஆட்களையும் பீரங்கிகளையும் வீழ்த்தும். வரிசையில் நிற்கையில் ஒரு கப்பலின் நலிந்த முனைகளை அதன் முன்னும் பின்னும் நிற்கும் கப்பல்கள் காத்தன. எந்தக் கப்பலும் மற்றொன்றின் குண்டுவீச்சுக்குக் குறுக்கே வரவில்லை. ('பேட்டில்ஷிப்' என்ற ஆங்கிலச் சொல்லே 'போர் வரிசைக் கப்பல்' எனப் பொருள்படும் நீண்ட தொடரின் சுருக்கந்தான், வரிசையில் இடம்பெறும் தகுதியே கப்பலின் பெயராயிற்று.)

1756 மே 20 அன்று மினோர்க்கா தீவருகே பிங்கின் 13 கப்பல்கள் 12 பிரெஞ்சுக் கப்பல்களை எதிர்கொண்டன. காற்று பிங்குக்குச் சாதகமாகவே இருந்தது. ஆனால் அவரது வரிசை எதிரியின் வரிசைக்கு இணையாக அமையாமல் சாய்வாக அமைந்தது; முன்னணிக் கப்பல்கள் எதிரியை நெருங்கியபோது பின்னணிக் கப்பல்கள் வெகு தொலைவில் இருந்தன. முன்னணியினர் சாய்வாக நெருங்காமல் முகப்பை நேரே எதிரியை நோக்கித் திருப்பியதால், நெருங்கும் வரை அடிவாங்கினரேயன்றித் திருப்பித் தாக்க இயலவில்லை. ஆறாவதாகச் சென்ற 'இன்ட்ரெப்பிட்' முன்பாய்மரத்தின் மேற்பகுதியை இழந்து தத்தளிக்க, அதன் பின்னே வந்தவை ஒன்றோடொன்று நெருக்கிக் குழம்பின. பிங்கின் 'ராமிலீஸ்' சுடத் தொடங்கியும், தன் அணிக் கப்பலே குறுக்கிட்டதால் நிறுத்த நேர்ந்தது. வரிசை சிதைந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

வரிசையை விட்டு விலகி முன்னேறலாம் என்று கேப்டன் கூறியபோது பிங் மறுத்தார். மாத்யூஸுக்கு நேர்ந்ததை நினைவூட்டினார். 1744இல் துலோன் அருகே தன் அணி முழுவதும் சேருமுன்னரே பாய்ந்து தாக்கிய அட்மிரல் மாத்யூஸ் பதவி பறிக்கப்பட்டார். வரிசைக் கொடியைக் காரணங்காட்டிப் பின்தங்கிய லெஸ்டாக் விடுவிக்கப்பட்டார். மாத்யூஸை விசாரித்தவர்களுள் பிங்கும் ஒருவர்.

எனவே பிங்கைத் தடுத்தது அத்தீர்ப்பு விதைத்த அச்சம் எனலாம். அவரது அணியைக் குலைத்தது சாய்வான அணுகுமுறை. முன்னணி எவ்வாறு நெருங்க வேண்டும் என்பதை ஐயமின்றி உணர்த்தும் கொடிக்குறியும் அன்றைய தொகுப்பில் இல்லை. பிங்கைக் கோழையெனக் கூற நீதிமன்றமும் மறுத்தது. இயன்றதனைத்தும் செய்யவில்லை என்பதே குற்றம். அதற்குச் சட்டம் மரணத்தை மட்டுமே விதித்திருந்ததால், தண்டனை வழங்கிய நீதிபதிகளே கருணை காட்டுமாறு பரிந்துரைத்தனர். மன்னர் இசையவில்லை.