எண்ணிக்கை ஓடுகிறது, மனம் எங்கே?

சிகந்திராபாத்துக்கு வடக்கே, நான் குடியிருக்கும் அல்வால் பகுதியில், பூசைப் பொருள் விற்கும் சிறு கடைகளில்கூட ராமகோடிப் புத்தகம் கிடைக்கும். தாள் முழுவதும் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு நாமம். கோடி நாமம் எழுதி முடித்துப் பத்ராசலத்தில் சமர்ப்பிக்க வேண்டும் என்பது இங்குள்ள தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றின் நெடுநாள் நேர்ச்சை. நம் வீடுகளில் 108 முறை ஸ்ரீராமஜெயம் எழுதுகிறோமே, அதற்கு மூத்த சகோதரி இது என்று கொள்ளலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாமத்துக்கு நான்கு விநாடி என்றால் ஒரு மணி நேரத்தில் 900. நாள்தோறும் இரண்டு மணி நேரம் தவறாமல் எழுதினால் 1,800. கோடியை எட்ட ஐயாயிரத்து ஐந்நூறு நாள்களுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். ஒரே சொல்லைப் பதினைந்து ஆண்டுகள் திரும்பச் சொல்லும் மனத்துக்கு என்ன நேர்கிறது? பக்தர்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை. பகுத்தறிவாளர்கள் விடையை முன்னரே முடிவுசெய்துவிடுகிறார்கள். மொழியை ஆராயும் எனக்கு இது கேட்க வேண்டிய கேள்வியாகவே படுகிறது.

ஏனெனில் மொழியியல் தரும் முதற்சான்று ஜபத்துக்கு எதிரானது. 'வாழை' என்ற சொல்லை வாய்விட்டு நாற்பது முறை விடாமல் சொல்லிப் பாருங்கள். பாதியிலேயே மரமும் இலையும் மறைந்து, வாயில் வெறும் ஓசை மட்டும் எஞ்சும். 1960களில் லியோன் ஜேக்கபோவிட்ஸ் என்னும் உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். பொருள் தெவிட்டிப்போதல் என்று இதைத் தமிழில் சொல்லலாம். வாழைக்கு நேர்வது இறைவன் பெயருக்கும் நேரத்தானே வேண்டும்? அப்படியானால் ஜபம் செய்பவர் ஆண்டுக்கணக்கில் தம் மந்திரத்தைத் தாமே காலியாக்கிக்கொண்டிருக்கிறார் என்றல்லவா ஆகும்?

மரபு இதை அறியாமல் இல்லை. பதஞ்சலியின் யோகசூத்திரம் முதற்பாதத்தின் 28ஆம் சூத்திரத்தில், பிரணவத்தைத் திரும்பச் சொல்வதையும் அதன் பொருளை உள்ளத்தில் பாவித்தலையும் சேர்த்தே விதிக்கிறது. சொல்லுதல் மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் இரண்டாவது விதிக்கு வேலை இல்லை.

ஆயினும், பொருள் தேய்ந்தபின்னும் திரும்பச் சொல்லுதல் ஒரு காரியத்தைச் செய்கிறது. நம் கவலைகளில் பெரும்பகுதி சொற்களால் ஆனது. 'அவன் அப்படிச் சொன்னானே, நாளை என்ன ஆகுமோ' என்று உள்ளுக்குள் ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கிறது. அந்த உட்குரலுக்கு ஒரே நாவுதான். இரண்டு வாக்கியங்களை ஒரே நேரத்தில் அதனால் சொல்ல இயலாது. ஒரு சொல்லை முணுமுணுத்துக்கொண்டே புதிய தொலைபேசி எண்ணொன்றை நினைவில் வைக்க முயன்றால் எண் நழுவிப்போவதை யாரும் வீட்டிலேயே சோதிக்கலாம். நினைவாற்றலை ஆராய்ந்த ஆலன் பேட்லி இந்த இயல்பைத் தம் சோதனைகளில் விரிவாகப் பயன்படுத்தினார். மந்திரம் கவலையோடு வாதிடுவதில்லை; கவலை உட்காரும் நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவே. 2015இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள், தியானப் பயிற்சி இல்லாத 23 பேரை எபிரேய மொழியில் 'ஒன்று' எனப் பொருள்படும் 'எஹாத்' என்ற சொல்லை மனத்துக்குள் திரும்பச் சொல்லவைத்து அவர்களின் மூளையைப் படமெடுத்தனர். மனம் அலையும்போது முனைப்பாக இயங்கும் பகுதிகள் அப்போது அடங்கியிருந்தன. அவர்களுக்கு அது மந்திரமன்று, வெறும் சொல்.

இரண்டாவது காரியம் மூச்சில் நடக்கிறது. 2001இல் லூசியானோ பெர்னார்டி குழுவினர் வெளியிட்ட இத்தாலிய ஆய்வில், லத்தீன் ஜெபமாலை சொன்னபோதும் 'ஓம் மணி பத்மே ஹூம்' சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது; இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்கும் தன்மை மேம்பட்டது. பிரணவமும் வியாஹ்ருதியும் சேர்த்துக் காயத்ரியை நிதானமாகச் சொல்ல எனக்கு ஏறத்தாழ பத்து விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு ஆறு, 108 உருவுக்குப் பதினெட்டு நிமிடம். அலுவலகப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஐந்தே நிமிடத்தில் 108 முடிப்பவர் ஓர் உருவுக்கு மூன்று விநாடிகூடத் தருவதில்லை. அவர் எண்ணிக்கையை முடித்துவிடுகிறார். மூச்சுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நம்பிக்கையாளர் சொல்லும் காரணம் வேறு. மந்திரம் தெய்வத்தின் ஓசை வடிவம், குருவின் வாயிலாகப் பெற்றால் உயிர்ப்புள்ளது என்பார்கள். இதை ஆய்வுக்கூடத்தில் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் அவர்கள் சொல்லும் இன்னொரு காரணமான சம்ஸ்காரக் கொள்கை, நாம் மேலே பார்த்தவற்றுக்கு அருகிலேயே வருகிறது. ஒவ்வோர் எண்ணமும் மனத்தில் ஒரு தடம் பதிக்கிறது. மீண்டும் மீண்டும் நடந்த தடம் ஆழமாகிறது. ஓய்ந்த நேரத்தில் மனம் ஆழமான தடத்தில்தான் வழுகி விழும். கவலையின் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை வெட்டுவதே ஜபம். உருவேற்றுதல் என்ற நம் சொல்லாட்சியிலேயே இந்தக் கருத்து ஒளிந்திருக்கிறது.

செய்யும் முறைக்கு வருகிறேன். வாய்விட்டுப் பிறர் கேட்கச் சொல்வது வாசகம். உதடும் நாவும் மட்டும் அசைய, தன் காதுக்கு மட்டும் கேட்பது உபாம்சு. மனத்தாலேயே சொல்வது மானசம். மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் சடங்கு வேள்வியைவிட ஜபத்தைப் பத்து மடங்கும், உபாம்சுவை நூறு மடங்கும், மானசத்தை ஆயிரம் மடங்கும் உயர்த்திச் சொல்கிறது. மாலையானால் நடுவிரலின்மேல் கிடத்திப் பெருவிரலால் உருட்டுவர், சுட்டுவிரல் படாது. நாயகமணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்வர். காயத்ரிக்கு வலக்கை விரல் கணுக்களே மாலை: மோதிர விரலின் நடுக்கணுவில் தொடங்கி அடிக்கணு, பின் சுண்டுவிரலின் மூன்று கணுக்கள் மேல்நோக்கி, அங்கிருந்து மோதிர விரல், நடுவிரல், சுட்டுவிரல் நுனிகள், பிறகு சுட்டுவிரலின் நடு, அடி. மொத்தம் பத்து. நடுவிரலின் மற்ற இரு கணுக்கள் மேருவாக நிற்கும், அவற்றைத் தொடுவதில்லை.

இந்த ஏற்பாடுகளைச் சடங்கின் மிகை என்று ஒதுக்குவோர் உண்டு. என் கருத்தில், மனம் ஓடிவிட்டதைக் காட்டிக்கொடுக்கும் கருவிகள் இவை. நாயகமணி விரலில் இடறும்போது, கடைசி இருபது மணிகள் எப்போது நகர்ந்தன என்று தெரியாமல் நாம் திடுக்கிட்டால், ஜபம் இருபது மணிகளுக்கு முன்பே நின்றுவிட்டது என்று பொருள். விரலும் நாவும் பழக்கத்தால் ஓடின. உட்குரலோ ஒளிந்து ஒளிந்து பழைய கவலையையே பேசிற்று. இது மிகுதியாக நேர்வது மானச ஜபத்தில்தான். ஆயிரம் மடங்கு என்ற கணக்கைப் படித்துவிட்டு முதல்நாளே அதில் குதிப்பவர்களுக்கு, பிடித்துக்கொள்ள ஓசையும் இல்லை, உதட்டசைவும் இல்லை. வெட்கப்படாமல் உபாம்சுவுக்கு இறங்குவதும், அதிலும் நழுவினால் வாய்விட்டே சொல்வதும்தான் இதற்கு மருந்து.

இங்கேதான் காவ்யகண்ட கணபதி முனிவரின் கதை எனக்கு முக்கியமாகிறது. ஆந்திர நாட்டில் 1878இல் பிறந்தவர், வடமொழியில் ஆசுகவி, இளமை முதலே பல தலங்களில் இருந்து மந்திர ஜபம் செய்தவர். எண்ணிக்கையில் அவரை மிஞ்ச நம்மில் எவரும் இல்லை. அவர் 1907 நவம்பர் 18 அன்று திருவண்ணாமலை விரூபாட்ச குகைக்கு ஏறிச் சென்று, அங்கிருந்த இளந்துறவியின் கால்களைப் பற்றிக்கொண்டார். படிக்க வேண்டியவற்றைப் படித்தாயிற்று, மனமார ஜபமும் செய்தாயிற்று, தவம் என்பது இன்னதென்று மட்டும் விளங்கவில்லை என்று முறையிட்டார். துறவி நெடுநேரம் பேசாமல் நோக்கியிருந்துவிட்டு இரண்டு செய்திகள் சொன்னார். 'நான்' என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகிறதோ அதைக் கவனித்தால் மனம் அங்கே அடங்கும், அது தவம். மந்திரத்தைச் சொல்லும்போது அதன் ஒலி எங்கிருந்து எழுகிறதெனக் கவனித்தாலும் மனம் அங்கே அடங்கும், அதுவும் தவம். அந்தத் துறவிக்குப் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்று பெயர் சூட்டியவர் கணபதி முனிவரே.

ஜபத்தை விட்டுவிடு என்று ரமணர் சொல்லவில்லை. எண்ணிக்கையைக் கூட்டு என்றும் சொல்லவில்லை. கவனத்தைச் சொல்லிலிருந்து சொல்பவனிடம் திருப்பச் சொன்னார். பொருள் தெவிட்டிப்போகும் சிக்கலிலிருந்து மரபு காட்டும் வழிகள் இரண்டு என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. பதஞ்சலியின் வழி, ஒவ்வோர் உருவிலும் பொருளை மீண்டும் ஏற்றுவது. ரமணரின் வழி, பொருள் தேய்ந்தால் தேயட்டும் என்று விட்டு, ஓசையின் ஊற்றுக்கண்ணைத் தேடுவது. இரண்டிலும் ஒருவர் விழித்திருந்தாக வேண்டும்.

ஆகவேதான் இன்று பரவியுள்ள இரண்டு வழக்கங்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்று, பணம் கொடுத்து வேறொருவரை நமக்காக இலட்சம் உரு ஜபிக்கச் செய்வது. மாறுவது மனம் என்றால், மாறப்போவது யாருடைய மனம்? சங்கற்பத்தில் நம் பெயர் சொல்லப்படுகிறது. தடம் பதிவது அவருடைய மனத்தில். கிரகதோஷம் நீங்கும் என்று வேறொரு காரணம் சொன்னால் அது வேறு வழக்கு. மன அமைதிக்கென்று சொல்லாதிருந்தால் சரி. மற்றொன்று, பூசையறைச் சுவரில் மின்செருகியில் செருகப்பட்டு இரவும் பகலும் பாடும் மந்திரப் பெட்டி. ஒரு வாரத்தில் அது மின்விசிறியின் ஓசையோடு சேர்ந்துவிடும். மின்சாரம் போகும்போதுதான் வீட்டார் அதைக் கவனிக்கிறார்கள்.

எல்லை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை தவறியதோ, உச்சரிப்புப் பிழைத்ததோ என்ற அச்சத்தால் மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தொடங்காவிட்டால் வீட்டில் யாருக்கோ கேடு வரும் என்ற எண்ணம் அவர்களை விரட்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தீவிர பக்தி போலத் தெரியும். முடித்தபின் மனம் இளகுகிறதா, இன்னும் இறுகுகிறதா என்று பார்த்தால் வேறுபாடு புலப்படும். இறுகுகிறதென்றால் அங்கே நடப்பது ஜபமன்று. கவலைதான் மந்திரத்தின் உடையில் வந்து நாற்காலியைத் திரும்பப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அத்தகையவரிடம் இன்னும் ஆயிரம் உரு சொல் என்று அறிவுரை கூறுவது கொடுமை. மாலையைச் சில காலம் வாங்கி வைத்துவிட்டு, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.