முதற் பள்ளிக்கூடம் எது என்று கேட்டால் பொய் சொல்லுங்கள்



உடப்புசல்லாவையில் எங்கள் மாதர் சங்கத்திற்கு ஒரு பழைய கணனி இருக்கிறது. அதில் நாங்கள் நான்கு பேர் தனித்தனிக் கணக்கு வைத்து வேலை செய்கிறோம். அவர்களில் ஓர் அக்காவின் குடும்பம் 1977 கலவரத்தின் பின் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போனது. யுத்தம் முடிந்து சில வருடங்களில் அவர் மட்டும் திரும்பி வந்தார். காணாமற்போன மகனைப் பற்றி அவர் எழுதிய மனுக்கள் எல்லாம் அந்தக் கணனியில்தான் இருக்கின்றன. மகனைக் கடைசியாகக் கண்டவர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு.

ஒரு நாள் அக்காவுக்குக் கடவுச்சொல் மறந்துபோயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிழையான சொல் ஒன்றை அடித்தேன். கீழே `Reset password` என்று வந்தது. அதை அழுத்தியதும் மூன்று கேள்விகள் வந்தன. முதலில் படித்த பள்ளிக்கூடம் எது? மூத்த ஒன்றுவிட்ட சகோதரரின் பெயர் என்ன? சிறுவயதில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்? அக்காவிடம் ஒன்றுமே கேட்காமல் மூன்றுக்கும் நானே பதில் எழுதினேன். செல்லப் பெயரை `Kutti` என்று அடித்தபோது பிழை என்றது. `Kutty` என்று மாற்றினேன், திறந்துவிட்டது.

அக்காவுக்குச் சந்தோஷம். சற்று நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "அப்ப டீச்சர், யார் வேணும்னாலும் இப்படித் தொறக்கலாமா?"

திறக்கலாம். அதனால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

கடவுச்சொல் நமக்கு மட்டும் தெரிந்தது. அதை மறந்தால் உதவுவதற்கென்று வைத்த கேள்விகளின் பதிலோ ஊருக்கே தெரிந்தது. முன்கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவுச் சாவியை வாசற்படியில் வைத்த மாதிரித்தான். எங்கள் கணனியில் இருப்பது விண்டோஸ் 10. அது ஆறு கேள்விகளைக் காட்டி மூன்றைத் தெரிவுசெய்யச் சொல்கிறது. மற்ற மூன்றும் முதல் செல்லப்பிராணியின் பெயர், பிறந்த நகரம், பெற்றோர் சந்தித்த நகரம். தோட்டத்தில் பிறந்தவளுக்கு முதற் பள்ளிக்கூடம் பெரும்பாலும் அந்தத் தோட்டத்துப் பள்ளிதான். பெற்றோர் சந்தித்த இடம் அடுத்த லயமாக இருக்கும். முகாமில் இருந்து வந்தவர்களுக்கு இன்னும் மோசம். பிறந்த ஊர், தாயின் பெயர், பிள்ளைகளின் பெயர் என்று எத்தனை படிவங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்!

பிறந்த திகதியும் இரகசியம் அல்ல. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். இலக்கம் 85574 என்று தொடங்கினால் வருடம் 1985. 574இல் 500 போக 74ஆவது நாள். இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஆகவே அது மார்ச் 14. அட்டையின் போட்டோப் பிரதி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு இது தெரியும்.

பெரிய இடத்துப் பெண்ணுக்கும் இது நடந்தது. 2008இல் அமெரிக்க உப ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலை 20 வயது மாணவன் ஒருவன் திறந்தான். அவனிடம் பெரிய கணனி வித்தை ஒன்றும் இருக்கவில்லை. பிறந்த திகதி, தபால் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்கப்பட்டது. அந்த விபரங்கள் ஏற்கெனவே பகிரங்கமாக இருந்தன. அவர்கள் சந்தித்தது வசில்லா உயர்தரப் பள்ளியில் என்பதைத் தேடிக் கண்டுபிடித்து, கடவுச்சொல்லையே மாற்றிவிட்டான். பிறகு அவனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் கடிதங்கள் அதற்கு முன்பே ஊர் பார்த்துவிட்டன.

சரி, பொய்யான பதிலைக் கொடுக்கலாமே என்று நினைப்பீர்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட பொய் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், விசாரிக்கப்பட்டவர்களில் 37 வீதமானோர் வேண்டுமென்றே பொய்ப் பதில் கொடுத்ததாகச் சொன்னார்கள். ஆனால் பலரும் ஒரே மாதிரியான பொய்யைச் சொன்னதால் அதுவும் ஊகிக்க இலகுவாகிவிட்டது. நாமும் அப்படித்தான். யோசித்துப் பொய் சொன்னால் மனம் சாமி பெயருக்கும், பிள்ளை பெயருக்கும், கொழும்புக்கும் ஓடும்.

ஆகவே மனத்தைக் கேட்காதீர்கள், விரலைக் கேளுங்கள். பழைய சஞ்சிகை ஒன்றை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வையுங்கள். விரலுக்குக் கிட்ட இருக்கும் பொருட்பெயரை எழுதுங்கள். இப்படி நான்கு தரம். அக்காவும் நானும் ஒத்திகையாகச் செய்தபோது ஆணி, வெள்ளம், செம்பு, கொக்கு என்று வந்தது. முதற் பள்ளிக்கூடம் எது என்ற கேள்விக்கு `aani vellam sembu kokku` என்பதே பதில். இடைவெளி விட முடியாத இடத்தில் சேர்த்து எழுதலாம். அடுத்த கேள்விக்கு மறுபடி நான்கு புதுச் சொற்கள். இங்கே அச்சில் வந்ததை மட்டும் நீங்கள் பாவிக்க வேண்டாம்.

அர்த்தமில்லாத எழுத்துக் குவியலை விடச் சொற்கள் நல்லது என்பதற்குக் காரணம் உண்டு. சில நிறுவனங்கள் தொலைபேசியிலும் இதே கேள்வியைக் கேட்கும். பதில் வெறும் எழுத்துக் குவியலாக இருந்தால், "ஏதோ கண்டபடி அடித்தேன்" என்று எவராவது சொல்ல, ஊழியரும் நம்பிவிடக்கூடும். சொற்கள் என்றால் ஒவ்வொன்றாகச் சொல்லியே ஆகவேண்டும்.

ஓர் இடத்தில் கொடுத்த பதிலை மற்ற இடத்தில் கொடுக்காதீர்கள். 2013இல் யாஹூவிலிருந்து திருடப்பட்ட விபரங்களில் இந்தக் கேள்வி பதில்களும் இருந்தன. தாயின் பெயரை எல்லா இடத்திலும் உண்மையாகக் கொடுத்தவர், ஓர் இடத்தில் திருடு போனால் எல்லா இடத்திலும் திறந்து விட்டவராகிறார். கடவுச்சொல்லை மாற்றலாம், தாயை மாற்ற முடியாதே.

பொய்ப் பதில் நினைவில் நிற்காது, நிற்கவும் வேண்டாம். ஒரு கொப்பியில் கேள்வியையும் பதிலையும் எழுத்துப் பிசகாமல் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் இடத்தில் வையுங்கள். கொப்பி தொலைந்தால் நீங்களே வெளியில் நிற்க வேண்டிவரும் என்பதால் இன்னொரு பிரதியும் தேவை. வீட்டிலேயே நம்ப முடியாத ஒருவர் இருந்தால், நம்பிக்கையான சகோதரி ஒருத்தியிடம் கொடுத்து வையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். வங்கியில் கணக்குத் திறக்கும் விண்ணப்பம், கிராம சேவகரிடம் கொடுக்கும் படிவம் ஆகியவற்றில் பெயர், பிறந்த திகதி, தாய் தந்தை பெயர் எல்லாம் உண்மையாகவே இருக்க வேண்டும். பொய் சொல்லலாம் என்பது, கடவுச்சொல்லை மறந்தால் கேட்பதற்கென்று வைத்திருக்கும் கேள்விக்கு மட்டுமே. அங்கே முன்பு எழுதியதும் இப்போது எழுதுவதும் ஒன்றா என்றுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

நீங்களாகவே பதிலைச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பொய்யும் காப்பாற்றாது. அழைத்தவர் வங்கி என்றாலும் சொல்லாதீர்கள். வைத்துவிட்டு, உங்கள் வங்கிப் புத்தகத்தில் இருக்கும் இலக்கத்திற்கு நீங்கள் எடுத்துக் கேளுங்கள்.

அன்று மாலையே அக்காவின் கணக்கில் `Settings`, அதில் `Accounts`, அதில் `Sign-in options` என்று போய், `Update your security questions` என்பதை அழுத்தினோம். ஒத்திகைச் சொற்களை விட்டுவிட்டுப் புதிதாகப் பன்னிரண்டு சொற்கள் எடுத்தோம். அக்கா கண்ணை மூடி விரலை வைக்க, நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். எழுதி முடித்துக் கொப்பியை மூடிய பிறகுதான் திரும்பினேன். மறுநாள் அக்கா சிரித்துக்கொண்டே, "இப்பத் தொறந்து பாருங்க டீச்சர்" என்றார். பள்ளிக்கூடத்தின் பெயரை அடித்தேன், செல்லப் பெயரை இரண்டு விதமாகவும் அடித்தேன். திறக்கவில்லை.