முற்பணமும் சம்பளச் சீட்டும்

பாரிஸ் உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்யும் எம்மவர் ஒருவர், ஊரில் தந்தையாரின் சத்திரசிகிச்சைக்காக முதலாளியிடம் 1,000 யூரோ முற்பணம் பெற்றார். அவரது கைக்கு வரும் மாதச் சம்பளம் 1,500 யூரோ. அடுத்த மாதச் சீட்டின் அடியில் ‘அக்கொம்த் 1,000’ என்றொரு வரி இருந்தது. மிஞ்சியது 500. அறை வாடகைக்கே அது போதவில்லை. வாங்கியதைக் கொடுத்தோம், இதில் என்ன பேச்சு என்று அவரும் வாளாவிருந்தார். பேசத்தான் வேண்டும் என்கிறோம் நாம்.

பிரெஞ்சுச் சட்டம் இங்கு இரண்டு சொற்களைப் பிரித்தே வைத்திருக்கிறது. ஏற்கெனவே செய்த வேலைக்கான கூலியை மாத முடிவுக்கு முன் பெறுவது ‘அக்கொம்த்’. பதினைந்து நாள் உழைத்தபின் பாதிச் சம்பளமான 750 யூரோவைக் கேட்பது மாதச் சம்பளக்காரரின் உரிமை. அது உழைத்த பணமாதலால், மாத முடிவில் முழுவதும் ஒரே தடவையில் கழிக்கப்படும். இன்னும் செய்யாத வேலைக்காகப் பெறுவதோ ‘அவான்ஸ்’. அதனைக் கொடுக்க முதலாளி கடமைப்பட்டவரல்லர். ஆனால் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கழிக்க அவருக்கு உரிமையில்லை.

நமது நண்பர் பெற்றது இரண்டாவது வகை. ஆகவே மாதம் 150 யூரோ வீதம் ஆறு மாதங்களும், ஏழாம் மாதம் 100 யூரோவுமே கழித்திருக்க வேண்டும். முதல் மாதத்திலேயே 850 யூரோ மிகையாகப் பிடிக்கப்பட்டுவிட்டது. சீட்டில் எழுதிய ஒரு பிழையான சொல் அதனை மறைத்து நின்றது.

இதனிலும் கெட்ட வழக்கமொன்று உண்டு. கழிவைச் சீட்டில் காட்டாமல், வேலை மணித்தியாலங்களைக் குறைத்தெழுதிக் கணக்கை நேர்செய்வது. முறையான கழிவு, மொத்தச் சம்பளமும் சமூகக் காப்புக் கட்டணங்களும் கணக்கிடப்பட்ட பின்னர், சீட்டின் அடிப்பகுதியில் தனிவரியாக வரும். மேலேயுள்ள மொத்தச் சம்பளம் மாறாது. அதுவே குறைந்திருந்தால் ஓய்வூதியமும் வேலையிழப்புக் கொடுப்பனவும் குறையும். வதிவிட அட்டையுடன் குடும்பத்தை அழைக்க விண்ணப்பிப்பவரிடம் பன்னிரண்டு மாத வருமானம் கேட்கப்படுகிறது. அங்கே பேசுவது அந்த மொத்தத் தொகைதான். கடனை அடைத்தவன், வருமானம் குறைந்தவனாக அதிகாரியின் முன் நிற்பான்.

ஆகவே பணம் பெறும் நாளிலேயே தொகை, திகதி, ‘அவான்ஸ்’ என்ற சொல், மாதக் கழிவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். பின்வரும் சீட்டுகளை அத்தாளுடன் ஒப்பிடுங்கள். பிழையிருப்பின் முதலில் எழுத்தில் கேளுங்கள். திருத்தாவிடில் தொழில் நீதிமன்றமான ‘புறுதோம்’ இருக்கிறது. சம்பளப் பாக்கியை மூன்று ஆண்டுகளுக்குள் அங்கு கோரலாம்.

முதலாளி நம்மவர், உதவி செய்தவர் என்ற தயக்கம் எமக்கும் புரிகிறது. உதவிக்கு நன்றி சொல்வோம். கணக்கைக் கணக்காகவே வைப்போம்.