நாலு வீதக் கடனைக் கட்ட ஏன் இந்த அவசரம்?

தீவகத்தில் கடன் எண்டால் முதலில் வாறது வெட்கம். கையில் நாலு காசு சேர்ந்தால், "முதல் கடனை முடிச்சுப்போட்டு வா" என்பார்கள் வீட்டில். பொதுவாக நல்ல புத்தி. ஆனால் 2022இல் எங்கட ஊர்களில் பலர் இந்தப் புத்தியைக் கேட்டு நட்டப்பட்டார்கள் என்பதுதான் எங்கட வாதம்.

ஊர்காவற்றுறையில் ஓர் ஆசிரியையைக் கற்பனை செய்துகொள்வோம். 2021 தொடக்கத்தில் இடர் கடன் எடுக்கிறா. அரசாங்க ஊழியருக்குக் கிடைக்கிற அந்தக் கடனின் உச்சம் அப்ப 2,50,000 ரூபா, வட்டி வருடத்துக்கு 4.2 வீதம். ஐந்து வருடத்தில், 60 தவணையாகச் சம்பளத்தில் கழிபடும். மாதம் சுமார் 4,600 ரூபா. 20 தவணை முடிய, 2022 செப்டம்பரில் மிச்சம் சுமார் 1,72,000 ரூபா நிக்குது.

அந்த மாதம்தான் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் வருடத்துக்கு 69.8 வீதம் ஏறினதாக அறிவிக்கப்பட்டது. அதே நேரம் அவவுக்குச் சீட்டுக்காசு, சரியாக 1,72,000, கைக்கு வருது எண்டு வைப்போம். கடனைக் கட்டுறதா, விடுறதா?

கட்டினால் அவவுக்கு மிச்சம் வாறது, இனி வரப்போற 40 தவணையிலும் இருக்கிற வட்டி. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 12,600 ரூபாதான். அதே காசை வங்கியில் ஒரு வருட நிலையான வைப்பில் போட்டால்? அந்த நாட்களில் 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. 20 எண்டே வைத்தாலும், ஒரே வருடத்தில் 34,000க்கு மேல். வரி கழித்தாலும் 32,000 தாண்டும். மூன்று வருடம் நாலு மாதத்தில் வாற மிச்சத்தைவிட இரண்டரை மடங்கு, ஒரே வருடத்தில்! தவணை வழமைபோலச் சம்பளத்தில் கழிபட்டுக்கொண்டிருக்கும்.

"விலை ஏறினால் கடன் தானாகக் குறையும்" என்று கொஞ்சம் பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான் எண்டு நினைக்கவேண்டாம். அந்தக் கதை பாதிதான் சரி. விலையோடு உங்கட வருமானமும் ஏறினால்தான் கடன் லேசாகும். ஆசிரியைக்கு 2022 ஜனவரியில் 5,000 ரூபா கொடுப்பனவு வந்தது. ஆனால் அந்த வருடம் சாமான் விலை ஏறின வேகத்துக்குச் சம்பளம் ஏறவில்லை. அதனால் 4,600 ரூபாத் தவணை அவவுக்குப் பாரமாகத்தான் இருந்தது. அவவுக்கு லாபம் தந்தது விலைவாசி அல்ல, வைப்பு வட்டிக்கும் கடன் வட்டிக்கும் இடையில் இருந்த இடைவெளி.

கடன் உண்மையாகவே கரைஞ்சது வெளிநாட்டுக் காசு வாற வீடுகளுக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. 1,72,000 ரூபாக் கடன் முதலில் 860 டொலர், பிறகு 480 டொலருக்கும் குறைவு. அனலைதீவிலோ நயினாதீவிலோ அம்மா இருக்கிற, கனடாவில் வேலை செய்யிற மகனுக்கு, அம்மாட கடன் கிட்டத்தட்டப் பாதியாகிப்போச்சு. அவர் "இப்பவே கட்டி முடியுங்கோ" எண்டு காசு அனுப்பினால், அந்தக் காசையும் அம்மா வைப்பில் போடலாம் என்றுதான் நாங்கள் சொல்லுவோம்.

கடற்றொழிலாளியின் கணக்கு இதற்கு நேர் எதிர். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குப் போனது. நாளுக்கு 20 லீற்றர் எரிக்கிற படகுக்கு 1,740 ரூபாச் செலவு 6,800 ஆகுது. மீன் விலை ஏறினாலும், கடலுக்குப் போற நாள் குறையும். அவர் என்ஜினுக்கு எடுத்த கடன் நுண்கடன் நிறுவனத்தில் எண்டால், வட்டியும் குறைஞ்சதல்ல. அவருக்கு முதல் வேலை அந்தக் கடனை முடிக்கிறதுதான். அடகுக்கும் இதேதான். திருப்பி வைக்கும்போது புது வட்டிதான் வரும்.

பயத்துக்கு இன்னொரு காரணம், பிணை நின்றவர்கள். அதிபர், சக ஆசிரியர் எண்டு முகம் பார்க்கிற ஆட்கள்தான் கையெழுத்து வைத்திருப்பார்கள். "அவையளுக்கு ஏன் தொல்லை" எண்டு அவசரப்படுவது விளங்குது. ஆனால் சம்பளத்தில் கழிபடும் கடனுக்கு, வேலை இருக்கும்வரை பிணையாளிக்குத் தொல்லை இல்லை.

இரண்டு இடத்தில் எங்கட வாதம் உடையும். காசு வைப்பில் இருக்கவேணும். வீட்டில் இருந்தால் ஒரு சாமத்தியவீடு, ஒரு திருவிழாவோடு அது போயிடும். அப்படிப் போகும் எண்டு தெரிந்தால், கட்டிவிடுவதே மேல். மற்றது, உங்கட வட்டி மாறாத வட்டியா எண்டு கடன் கடிதத்தில் பாருங்கோ. முதன்மைக் கடன்வீதத்தோடு சேர்ந்து மாறும் எண்டு எழுதியிருந்தால், அது மலிவான கடன் இல்லை. 2022இல் ஒற்றை இலக்கத்தில் தொடங்கின அந்த வீதம் வருட முடிவில் 25ஐத் தாண்டினது. அப்படிக் கடன் எடுத்தவர்களுக்கு அண்டைக்கு அவசரம் நியாயமானதுதான்.

2023 செப்டம்பரில் விலையேற்றம் 1.3 வீதமாக இறங்கியிட்டுது. வைப்பு வட்டியும் பிறகு கீழே வந்தது, ஆனால் 4.2க்கு வரவில்லை. ஆசிரியையின் கடைசித் தவணை 2025 டிசம்பரில்.