ஹட்டனில் ஒரு அக்கா தங்கச்சி

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி எழுதிய சிறுகதையை நேற்று இரண்டு தடவை வாசித்தேன். கோத்தகிரியிலிருந்து 74 வயது அக்கா ஹட்டனுக்குப் போய், 71 வயது தங்கச்சியை ஐம்பது வருடம் கழித்துப் பார்க்கிறாள். நல்ல கதை. கடைசிப் பக்கத்தோடு மட்டும் எனக்குச் சண்டை.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்களாக நின்ற மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டை பிரிப்பது மாதிரிதான்! எந்த நாடு என்று பெரும்பாலும் வீட்டு ஆண்களே மனுவில் எழுதினார்கள். கதையில் அக்காவின் மாமனார் இந்தியா என்று எழுதுகிறார், அப்பா இலங்கை என்று எழுதுகிறார். 22 வயது அக்காவை யாரும் கேட்கவில்லை.

ஒரு சின்னத் திருத்தம். 1972-ல் அக்கா தனுஷ்கோடியில் இறங்கினாள் என்று வருகிறது. 1964 டிசம்பர் புயலிலேயே தனுஷ்கோடி போய்விட்டதம்மா. பிறகு தலைமன்னார் கப்பல் வந்தது ராமேஸ்வரத்துக்கு.

இருவரும் வாழ்க்கையை ஒப்பிடும் இடம்தான் கதையின் உயிர். லயத்து வாசலில் பிளேன் டீ குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். "எங்கள இன்னும் சிலோன்காரின்னுதான் சொல்றாங்க" என்கிறாள் அக்கா. "இங்க எங்கள இந்தியாக்காரிங்கிறானுங்க அக்கா" என்கிறாள் தங்கச்சி. இருவரும் சிரிக்கிறார்கள். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. வேலை முடிந்ததும் அக்கா தோட்டக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தங்கச்சி இருக்கும் லயமும் அவளுடையது இல்லை.

இவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டு, "நல்லவேளை நான் தப்பித்தேன்" என்று அக்கா மனதுக்குள் நினைப்பதாக முடித்திருக்கிறாள். எனக்கு ஒப்பவில்லை. 1983 கலவரத்தைத் தங்கச்சி பார்த்தாள், அக்கா பார்க்கவில்லை, உண்மைதான். ஆனால் தப்பித்தேன் என்று சொல்ல, முதலில் அவள் கையில் முடிவு இருந்திருக்க வேண்டாமா? ஜெயித்தவள், தோற்றவள் என்று மார்க் போடுவது என் மாதிரி வாத்தியார்கள் வேலை. கதைக்கு எதற்கு?

நடுவில் ஒரே வரியில் தாண்டிப்போன ஒன்று இருக்கிறது. "அம்மா செத்ததுக்கு எழுதுனேனே, கெடச்சிச்சா?" என்று தங்கச்சி கேட்கிறாள். "மூணு மாசம் கழிச்சுக் கெடச்சிச்சு" என்கிறாள் அக்கா. அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அந்த மூன்று மாதமும் அக்கா, "அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?" என்று எழுதிக்கொண்டுதானே இருந்திருப்பாள்? அந்தக் கடிதங்களைத் தங்கச்சி என்ன செய்தாள்? அதை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.