அம்மா, அப்பாவுக்கு ஞாபக மறதி ஆரம்பமா? கையெழுத்து செல்லும்போதே பணத்துக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

கோமாவில் இருக்கும் கணவரின் சொத்தை விற்று சிகிச்சைச் செலவைப் பார்க்க வேண்டும் என ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். இப்படி ஒருவரைப் பாதுகாவலராக நியமிக்கச் சட்டத்தில் நேரடி வழி இல்லை என்று தனி நீதிபதி மறுத்துவிட்டார். மேல்முறையீட்டில்தான், 2024 மே மாதம், மனைவியையே பாதுகாவலராக நியமித்து சொத்தை விற்க அனுமதி கிடைத்தது.

அந்தக் குடும்பத்துக்கு யோசிக்க அவகாசமே கிடைக்கவில்லை. ஆனால் ஞாபக மறதி மெதுவாக வரும் நோய். பெற்றோருக்கு இப்போதுதான் மறதி ஆரம்பித்திருக்கிறது என்றால், இதே நிலைமை வராமல் தடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

முதலில் தெரிவது பணத்தில்தான்

"போன வாரமே கட்டிப்போட்டனே கண்ணு" என்று அம்மா சொல்வார். ஆனால் கரண்ட் பில் கட்டாமல் ஃபியூஸ் பிடுங்க ஆள் வந்து நிற்பார். இல்லையென்றால் ஒரே பில்லை இரண்டு தடவை கட்டியிருப்பார். நகைக்கடன் வட்டி நின்றுபோய் ஏல நோட்டீஸ் வரும். ஒரே நாளில் மூன்று முறை ஏடிஎம்மில் பணம் எடுத்திருப்பார்.

அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, மறதி நோய் கண்டறியப்படுவதற்கு 6 ஆண்டுகள் முன்பிருந்தே பில் தவறுவது ஆரம்பிக்கிறது என்று காட்டியது. அதனால் இதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுவது முதல் வேலை.

பவர் எழுதி வாங்கிட்டா போதுமா?

போதாது. பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 201ஆவது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் பவர் முடிந்துவிடும். அதாவது எப்போது அது அதிகம் தேவைப்படுமோ, அப்போதுதான் செல்லாமல் போகும். சில நாடுகளில், மனத்தெளிவு போன பிறகும் தொடரும் பவர் உண்டு. இந்தியாவில் அப்படி இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வரும் 'நியமனப் பிரதிநிதி' சிகிச்சை விஷயங்களுக்கு மட்டும்தான். பணத்தையும் சொத்தையும் அவர் கையாள முடியாது.

ஆனால் மறதி ஆரம்பித்த உடனேயே ஒருவரின் கையெழுத்து செல்லாமல் போய்விடாது. என்ன செய்கிறோம், அதனால் என்ன ஆகும் என்பது கையெழுத்திடும் நேரத்தில் அவருக்குப் புரிந்தால் போதும். அதே வாரத்தில் 'விவரம் புரிந்து முடிவெடுக்கிறார்' என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி வைத்தால், பின்னாளில் உடன்பிறந்தவர்களுக்குள் சண்டை வந்தாலும் கைகொடுக்கும்.

ஒரு உதாரணம்

கோவை பீளமேட்டில் தனியாக இருக்கும் 71 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. பென்ஷன் மாதம் 34,000 ரூபாய். ஃபிக்சட் டெபாசிட் 12 லட்சம், எல்லாம் அவர் பெயரில் மட்டும். மகன் திருப்பூரில், மகள் பெங்களூருவில். டாக்டர் 'ஆரம்ப நிலை' என்று சொல்லியிருக்கிறார்.

1. பென்ஷனும் பில்களும்

பென்ஷன் வரும் கணக்கைப் பொதுவாகக் கணவன் அல்லது மனைவியுடன் மட்டுமே கூட்டாக வைக்க முடியும். மகனைச் சேர்க்க முடியாது. அதனால் அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு, அம்மாவும் மகனும் சேர்ந்து 'இருவரில் ஒருவர்' இயக்கும் வீட்டுச் செலவுக் கணக்கு ஒன்றைத் தொடங்க வேண்டும். மாதம் 3ஆம் தேதி பென்ஷன் கணக்கிலிருந்து 25,000 ரூபாய் தானாக இதற்கு வரும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு எழுதிக் கொடுக்கலாம். மீதி 9,000 பென்ஷன் கணக்கிலேயே சேரும்.

இனி எல்லா பில்களும் வீட்டுக் கணக்கிலிருந்து மட்டும் போக வேண்டும். மின் இணைப்பு எண்ணை வங்கிச் செயலியில் பதிந்து, உச்ச வரம்பு வைத்து ஆட்டோபே கொடுக்கலாம். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, பென்ஷனுக்கான வாழ்நாள் சான்று ஆண்டுக்கு ஒருமுறை. இந்த மூன்றும் இடைவெளி விட்டு வருவதால்தான் மறந்துபோகும். இவற்றின் தேதிகளை மகன் தன் போனில் நினைவூட்டலாக வைக்க வேண்டும். வாழ்நாள் சான்று தவறினால் பென்ஷனே நின்றுவிடும்.

2. சேமிப்பு

12 லட்சத்தையும் ஒரே டெபாசிட்டாக வைக்காமல், 3 லட்சம் வீதம் நான்காகப் பிரித்து, அம்மா, மகள் இருவர் பெயரிலும் 'இருவரில் ஒருவர்' முறையில் போடலாம். இந்த முறையில், முதிர்வுத் தேதியில் யாராவது ஒருவர் கையெழுத்திட்டே பணம் எடுக்கலாம். ஆனால் இருவரும் உயிருடன் இருக்கும்போது, முதிர்வுக்கு முன் உடைக்க இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும்.

இதில் ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் இருக்கிறது. 'டிஜிட்டல் கைது' என்று யாராவது போனில் மிரட்டினாலும், அம்மாவால் தனியாக டெபாசிட்டை உடைக்க முடியாது. ஆனால் நாளை அம்மாவால் கையெழுத்திட முடியாமல் போனால், மகளாலும் பாதியில் உடைக்க முடியாது. அதற்குத்தான் இந்தப் பிரிப்பு. முதல் முறை 3, 6, 9, 12 மாதம் என்று போட்டு, பிறகு ஒவ்வொன்றையும் ஓராண்டுக்குப் புதுப்பித்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3 லட்சம் முதிர்ந்துகொண்டே இருக்கும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தச் சொல்ல மறக்கக் கூடாது. இல்லையென்றால் முதிர்ந்த பணம் யாரும் கேட்காமலே மறுபடி பூட்டப்படும். நெட் பேங்கிங்கில் இந்த டெபாசிட்டை உடைக்க வழி இருக்கிறதா என்பதையும் கிளையில் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

3. அம்மாவின் கைச்செலவு

கார்டையும் போனையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டால் கோபம் வரும், ஒளித்து வைக்கும் பழக்கமும் வரும். பென்ஷன் கணக்கில் இருக்கும் யுபிஐ-யை நீக்கிவிட்டு, 2024இல் அறிமுகமான 'யுபிஐ சர்க்கிள்' வசதியைப் பயன்படுத்தலாம். இதில் மகன் முதன்மைப் பயனர், அம்மா இரண்டாம் பயனர். பணம் மகன் இணைத்த வீட்டுக் கணக்கிலிருந்து போகும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு முறையும் மகன் ஒப்புதல் தர வேண்டும். மகன் வேலையில் இருந்தால் அம்மா காய்கறிக் கடையில் காத்து நிற்க வேண்டிவரும். முழு அனுமதி வகையில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு முறைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 ரூபாய் என்பது அதன் உச்ச வரம்பு. அதற்குள் மாதம் 5,000 என்று நாமே குறைத்து வைக்கலாம். அம்மா ஏமாந்தாலும் இழப்பு அந்த 5,000உடன் நிற்கும்.

எங்கே சொதப்பும்?

- அம்மாவின் பின் நம்பரை வாங்கி மகன் ஏடிஎம்மில் எடுப்பது, வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கி வைப்பது. இரண்டும் சுலபம்தான். ஆனால் கணக்குக் கேட்டால் பதில் சொல்ல முடியாது.
- 'பாதுகாப்புக்கு' என்று வீட்டை ஒரு பிள்ளை பெயருக்கு எழுதி வாங்குவது. பில் கட்டுவதற்கு வீடு கைமாற வேண்டிய அவசியமே இல்லை.
- கூட்டுக் கணக்கில் பெயர் இருந்தால் பணம் தனக்கே சொந்தம் என்று நினைப்பது. நாமினியும் அப்படித்தான், பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பவர்தான், வாரிசு அல்ல.

மகன் செலவுக் கணக்கிலும் மகள் டெபாசிட்டிலும் இருப்பதால் முழுப் பணமும் ஒருவர் கையில் இருக்காது. மாதம் ஒருமுறை வீட்டுக் கணக்கின் அறிக்கையை மகளுக்கும் அனுப்பிவிட்டால் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

மோசடியில் பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதியோர் உதவிக்கு 14567.

எப்போது செய்யணும்?

கூட்டுக் கணக்கு, நிரந்தர உத்தரவு, டெபாசிட் மாற்றம், நாமினி என இவ்வளவுக்கும் அம்மாவின் கையெழுத்து வேண்டும். அதனால் அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரம் பார்த்து, பிள்ளைகள் இருவரும் கூட இருந்து, வங்கி மேலாளர் முன்பு அவரே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதுதான் சரி. அடுத்த தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்கு வரும்போது பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட்டால், அப்போது அந்தக் கையெழுத்து செல்லுமா என்பதை யாராலும் சொல்ல முடியாது.